முதற் சம்பளமும் சம்பளச் சிட்டையும்

இளம் ஊழியர்களுக்குப் பணத்தைக் கையாளும் முறையைக் கற்பிக்கும் பட அட்டைகள் இப்போது கையடக்கத் தொலைபேசிகளில் பரவலாகப் பகிரப்பட்டு வருகின்றன. விரலால் தள்ளத் தள்ள எட்டோ பத்தோ அட்டைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் இரண்டொரு வரிகள் மாத்திரமே இருக்கும். முதன்முதலாகச் சம்பளம் பெறத் தொடங்கிய ஒருவருக்கு நீண்ட நூல்களைவிட இத்தகைய அட்டைகளே எளிதில் எட்டுகின்றன என்பதால் அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவற்றில் எதனை முதலில் எழுதுவது என்ற விடயத்தில் எமக்கு உடன்பாடின்மை உண்டு.

இவ்வட்டைகளுள் பெரும்பாலானவை 50-30-20 என்ற மூன்று எண்களுடனேயே தொடங்குகின்றன. சம்பளத்தில் 50 வீதம் அத்தியாவசியத் தேவைகளுக்கு, 30 வீதம் விருப்பங்களுக்கு, 20 வீதம் சேமிப்புக்கு என்பது அதன் பொருள். இதனைப் பிரபலப்படுத்தியவர்கள் அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்து பின்னர் செனட்டரான எலிசபெத் வாரனும் அவரது மகளும் ஆவர். 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது நூலில் இப்பங்கீடு வரி கழித்துக் கைக்கு வரும் பணத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதாவது, கைக்கு வந்த தொகை சரியானதே என்ற எடுகோளில் இருந்துதான் இக்கணக்கு ஆரம்பமாகின்றது. எமது நாட்டின் தனியார் துறையில் அந்த எடுகோளே முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியது. எனவே இங்குள்ள இளைஞர், யுவதிகளுக்கான முதலாவது அட்டையில் எழுதப்பட வேண்டிய வாசகம் இதுதான் என்போம்: "சம்பளச் சிட்டையை மாதந்தோறும் கேட்டுப் பெறுங்கள். ஈ.பி.எப். எந்தத் தொகைக்குக் கணிக்கப்பட்டது என்று பாருங்கள்."

ஈ.பி.எப். என்று எல்லோரும் சொல்லும் ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. ஊழியரின் உழைப்பு வருமானத்தில் 8 வீதம் அவரது சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். தொழில்தருநர் தமது பணத்திலிருந்து 12 வீதத்தைச் சேர்க்க வேண்டும். இவற்றுக்கு மேலாக, 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஈ.ரி.எப். எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதத்தையும் தொழில்தருநரே செலுத்த வேண்டும். அந்த 12 வீதத்தையோ 3 வீதத்தையோ ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஓய்வூதிய உரித்துடைய அரச ஊழியர்களுக்கு ஏற்பாடு வேறு என்பதால் இங்கு கூறப்படுவன தனியார் துறையினருக்கே பொருந்தும்.

வீதங்களைப் பலரும் அறிவர். எதன்மீது அந்த வீதங்கள் கணிக்கப்பட வேண்டும் என்பதை அறிந்தவர்களே குறைவு. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே ஈ.பி.எப். உரியது என்ற எண்ணம் ஊழியர்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. சில அலுவலகங்களின் கணக்காளர்களும் அவ்வாறே கூறுவதுண்டு. ஆனால் சட்டம் பேசுவது மொத்த உழைப்பு வருமானத்தைப் பற்றியது. அடிப்படைச் சம்பளத்துடன் வாழ்க்கைச் செலவுப்படி, விசேட வாழ்க்கைப்படி, அவற்றையொத்த ஏனைய படிகள், உணவுப்படி, விடுமுறை நாட்களுக்கான கொடுப்பனவு, தரகுப்பணம் ஆகியனவும் அதனுள் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது.

இதனை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம். வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த யுவதி ஒருவருக்கு மாதம் 70,000 ரூபா கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அவரது சிட்டையில் அடிப்படைச் சம்பளம் 30,000, வாழ்க்கைச் செலவுப்படி 20,000, உணவுப்படி 8,000, மேலதிக நேரக் கொடுப்பனவு 12,000 எனப் பதியப்பட்டுள்ளது. நிறுவனம் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் ஈ.பி.எப். கணிக்கின்றது. அவரிடமிருந்து 2,400 ரூபா கழிக்கப்படும், நிறுவனம் 3,600 ரூபா சேர்க்கும், ஆக 6,000 ரூபா நிதிக்குச் செல்லும். கைக்கு வருவது 67,600 ரூபா.

சட்டப்படி மேலதிக நேரக் கொடுப்பனவை மட்டும் நீக்கி 58,000 ரூபாவுக்கே கணிப்பு இடம்பெற வேண்டும். அப்போது அவரது பங்கு 4,640 ரூபா, நிறுவனத்தின் பங்கு 6,960 ரூபா, ஆக 11,600 ரூபா. கைக்கு வருவது 65,360 ரூபா.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இப்பிழை ஏன் ஆண்டுக்கணக்கில் எவராலும் கேட்கப்படாமல் நீடிக்கின்றது என்பது புலனாகும். பிழையான சிட்டையில் அந்த யுவதியின் கைக்கு 2,240 ரூபா கூடுதலாக வருகின்றது. அவருக்கு அது இலாபமாகவே தெரியும். உண்மையில் அது அவரது சொந்தச் சேமிப்பு, அவரிடமே திரும்பி வந்த பணம். நிறுவனம் தரவேண்டியிருந்து தராமல்விட்டது ஈ.பி.எப். இல் 3,360 ரூபாவும் ஈ.ரி.எப். இல் 840 ரூபாவுமாக மாதம் 4,200 ரூபா. ஆண்டுக்கு அது 50,400 ரூபாவாகும். நிதிக்குச் சேராது போகும் மாதாந்த 5,600 ரூபாவுக்கு ஆண்டுக்கு 9 வீத வட்டி என்று கொண்டால் பத்து ஆண்டுகளில் அது சுமார் 10 இலட்சம் ரூபா. அதில் ஐந்தில் மூன்று பங்கு நிறுவனம் கொடுக்காமல்விட்ட பணமும் அதன் வட்டியுமாகும்.

இன்னொரு வழுவும் புதியவர்களையே குறிவைக்கின்றது. தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தரமாக்கப்பட்ட பின்னரே ஈ.பி.எப். தொடங்கும் எனப் பல இடங்களில் சொல்லப்படுகின்றது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்தப்பட வேண்டும் என்பதே சட்டம். தற்காலிக ஊழியர், அமைய ஊழியர் என்ற பேதம் இதில் இல்லை. ஒரேயொரு ஊழியரை வைத்திருக்கும் கடைக்கும் இது பொருந்தும்.

மிகவும் பாரதூரமானது மூன்றாவது வகை. சிட்டையில் 8 வீதம் ஒழுங்காகக் கழிக்கப்பட்டிருக்கும், ஆனால் அது நிதிக்குப் போய்ச் சேர்ந்திராது. சிட்டையில் ஒரு வரி இருப்பதும் கணக்கில் பணம் இருப்பதும் இரு வேறு விடயங்கள். ஒரு மாதத்துக்குரிய பங்களிப்பு அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதித்தால் தாமதத்தின் அளவுக்கேற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மிகைக் கட்டணம் அறவிடப்படும். ஆகவே வேலையில் சேர்ந்து நான்கைந்து மாதங்கள் ஆனதும் தமது கணக்கின் மீதியை ஒருமுறை நேரடியாகப் பார்த்துவிடுவது அவசியம். நிதியின் நிர்வாகம் தொழில் திணைக்களத்திடமும், பணமும் உறுப்பினர் கணக்குகளும் மத்திய வங்கியிடமும் உள்ளன. மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் மீதியை இணையவழியிலும் அறியலாம். சிட்டைகளின்படி வரவேண்டிய தொகையும் கணக்கில் உள்ள தொகையும் பொருந்தாவிடின், நியமனக் கடிதத்தையும் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு அப்பகுதித் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். சிட்டைகளை எறியாது சேர்த்துவைப்பதன் பயன் அப்போதுதான் தெரியவரும்.

தமிழ்ப் பெயர் கொண்டவர்கள் இங்கு மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமது பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நான்கு வடிவங்கள் தோன்றிவிடுகின்றன. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் வேறோரிடத்தில் முழுமையாகவும் வரும். திருமணமான பெண்களுக்கு அதுவும் மாறிவிடும். அடையாள அட்டை இலக்கத்திலும் பழையது, புதியது என இரு முறைகள் உள்ளன. நிறுவனம் அனுப்பும் விபரத்தில் பெயரோ இலக்கமோ தேசிய அடையாள அட்டையுடன் பொருந்தாதுவிடின் பணம் தொலைந்துவிடாது எனினும், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதனைப் பெறச் செல்லும்போது சத்தியக் கடதாசிகளுடன் அலைய நேரிடும். ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனி உறுப்பினர் இலக்கம் வழங்கப்படுவதால் வேலை மாறும்போதெல்லாம் பழைய இலக்கத்தைக் குறித்துவைப்பதும் நன்று.

"ஐம்பத்தைந்து வயதில் கிடைக்கும் பணத்துக்காக இப்போது ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?" என்று இளையோர் கேட்பது நியாயமானதே. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் முழுத்தொகையைப் பெறும் உரிமை உண்டு. திருமணத்தின் காரணமாகத் தொழிலைக் கைவிடும் பெண்களும் அதனைக் கோரலாம். இடையிலும் ஒரு வழி உள்ளது. பத்து ஆண்டுகள் பங்களித்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியுள்ளவர்கள் வீடு அமைப்பதற்கோ மருத்துவ சிகிச்சைக்கோ 30 வீதம் வரை மீளப்பெறும் திட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் இந்நிதி குறையற்றது என நாம் சொல்லமாட்டோம். 2022 இல் அது உறுப்பினர்களுக்கு வழங்கிய வட்டி 9 வீதம். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அவ்வாண்டில் கணக்கிலிருந்த ஒவ்வொரு ரூபாவும் தேய்ந்தது. 2023 இல் 13 வீதமும் 2024 இல் 11 வீதமும் வழங்கப்பட்டது உண்மையாயினும் அந்த இழப்பு முழுதாக ஈடுசெய்யப்பட்டதாகக் கொள்ள முடியாது. இருந்தும் ஒரு காரணத்துக்காக இப்பணத்தைக் கைவிடக் கூடாது என்கிறோம். நாம் 8 ரூபா போடும்போது வேறொருவர் 12 ரூபா போட்டே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் வேறு சேமிப்பு எதுவும் இந்நாட்டில் இல்லை.

பணிக்கொடை பற்றியும் இரு வார்த்தைகள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் உரித்தாகும். நான்கு ஆண்டுகளும் பத்து மாதங்களும் பணியாற்றிவிட்டுச் சிறிய சம்பள உயர்வுக்காக வேறிடம் செல்பவர் எதனை விட்டுச் செல்கின்றார் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கவேனும் வேண்டும்.

இனி, கைக்கு வரும் 65,360 ரூபாவுக்கு வருவோம். மாத வருமானம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டாததால் இந்த யுவதிக்குச் சம்பளத்தில் வரி கழிக்கப்படாது. 50-30-20 இன்படி அவர் 13,000 ரூபா சேமிக்க வேண்டும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 25,000, பயணத்துக்கு 5,000, வீட்டுக்கு அனுப்புவது 15,000 என 45,000 ரூபா முதலிலேயே போய்விடுகின்றது. அதுவே 69 வீதம். வீட்டுக்கு அனுப்பும் பணம் தேவையா விருப்பமா என்று அமெரிக்காவில் எழுதப்பட்ட பங்கீட்டில் தேடினால் விடை கிடைக்காது. தம்பியின் பல்கலைக்கழகச் செலவும் அம்மாவின் மருந்தும் எமது குடும்பங்களில் வாடகையைப் போலவே கட்டாயமானவை. ஆகவே 20 என்ற எண்ணை எட்டவில்லையே என்று அவர் மனம் தளரத் தேவையில்லை. ஈ.பி.எப். இற்குச் செல்லும் 4,640 ரூபாவும் அவரது சேமிப்புத்தான். அதற்கு மேல் மாதம் 8,000 ரூபாவைச் சம்பளம் வரும் நாளிலேயே இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். மாத முடிவில் எஞ்சுவதைச் சேமிப்போம் என்று இருப்பவர்களிடம் எதுவும் எஞ்சுவதில்லை.

இந்த இரண்டாவது கணக்கின் இலக்கு வேலை போனாலோ நோய் வந்தாலோ சமாளிக்கக்கூடிய மூன்று மாத அத்தியாவசியச் செலவு. இவருக்கு அது 135,000 ரூபா, ஏறத்தாழ 17 மாதங்களில் சேர்ந்துவிடும். முதல் 45,000 ரூபா எந்நேரமும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். அதற்கு மேற்பட்டதை மூன்று மாத நிலையான வைப்பில் இடலாம். வட்டியில் 10 வீதம் முற்பண வரியாகக் கழிக்கப்படும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் உரிய பிரகடனத்தை வங்கியிடம் ஒப்படைத்து அக்கழிப்பைத் தவிர்க்க முடியும். ஊரில் சீட்டுப் பிடிப்பவர்களும் உண்டு. ஒழுங்காகச் சேமிக்கச் சீட்டு ஒரு நல்ல பழக்கமே. ஆனால் அவசரத்துக்கு எடுக்க வேண்டுமாயின் கழிவு கூறி நட்டத்துக்கே எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அவசரகாலப் பணத்துக்கு அது உகந்ததன்று.

அந்தப் பணம் சேரும் முன்னரே பலரை இழுத்துச் செல்வது தவணைக் கொள்வனவாகும். கையடக்கத் தொலைபேசியோ மோட்டார் சைக்கிளோ வாங்கும்போது "வருடத்துக்குப் பதினைந்து வீதந்தான்" என்று விற்பனையாளர் சொல்வார். அது எதற்குப் பதினைந்து என்பதைக் கேட்பவர்கள் அரிது. 120,000 ரூபாவைப் பன்னிரண்டு மாதங்களில் செலுத்தும் உடன்பாட்டில், ஆரம்பத் தொகை முழுவதற்கும் 15 வீதம் கணித்து 18,000 ரூபா வட்டி சேர்ப்பார்கள். மாதத் தவணை 11,500 ரூபா. இதனையே 'பிளாட் ரேட்' என்கின்றனர். ஆனால் கடன் வாங்கியவரிடம் 120,000 ரூபா இருப்பது முதல் மாதத்தில் மட்டுமே. ஆறு மாதங்களின் பின் ஏறக்குறைய பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் அவர் தொடர்ந்து வட்டி செலுத்துகின்றார். குறைந்து செல்லும் மீதியின் மீது கணித்தால் இதே தவணைக்குரிய வட்டி ஆண்டுக்கு 26 வீதத்துக்கும் அதிகம். வங்கியொன்று குறைந்து செல்லும் மீதிக்கு 20 வீதம் என்று சொல்லும் கடன், கடைக்காரர் சொல்லும் 15 வீதத்தைவிட மலிவானது.

ஆகவே கையொப்பமிடும் முன் இரு எண்களை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒன்று, குறைந்து செல்லும் மீதியின் மீதான ஆண்டு வட்டி. மற்றையது, முற்பணம், ஆவணக் கட்டணம், காப்புறுதி அனைத்தையும் சேர்த்துக் கடைசித் தவணை வரை கொடுக்கப்போகும் முழுத்தொகை. நான்காவது மாதத்திலேயே கடனை முடித்துக்கொள்ள விரும்பினால் எஞ்சிய வட்டியில் எவ்வளவு தள்ளுபடி செய்யப்படும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லலாம். சில உடன்பாடுகளில் எதுவுமே தள்ளுபடி செய்யப்படுவதில்லை. அது கொள்வனவுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.